ஒத்தை அடுப்பு: களி, குழம்பு, கீரை மூணும் சூடா ஒண்ணா தட்டுக்கு வரணும். எதை முதல்ல வைக்கிறது?

ஓசூர் ஒண்டிக்கட்டை (ஞாயிறு, இரவு 9:10)

வேலைக்காக ஓசூர்ல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். ஒரே பர்னர் அடுப்பு, அஞ்சு கிலோ சிலிண்டர். இன்னைக்கு அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. "நீ எப்படித்தான் சமைச்சுச் சாப்பிடுறேன்னு பாக்கலாம்"னு அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்ததால கொஞ்சம் கெத்தா பண்ணிடலாம்னு இறங்கினேன். ராகிக் களி, அவரைக்கொட்டை கத்தரிக்காய் குழம்பு, முருங்கைக்கீரை பொரியல்.

தனித்தனியா மூணும் எனக்கு வரும். ஒண்ணா பண்ணதுதான் கோட்டை விட்டேன். கீரை சுலபம், சட்டுனு முடிச்சிடலாம்னு முதல்ல அதை வதக்கி வச்சுட்டேன். அடுத்து களி. கடைசியா குழம்பு. அடுப்பு நேரம் மிச்சமாகட்டும்னு குக்கர்லயே கொட்டை, கத்தரிக்காய், புளிக்கரைசல் எல்லாத்தையும் ஒண்ணா போட்டு விசில் விட்டேன். ராத்திரியே ஊறப் போட்ட கொட்டைதான். ஆனா நாலு விசில் வந்தும் கொட்டை வேகல, கத்தரிக்காய் கரைஞ்சு காணாமப் போச்சு. திரும்ப மூணு விசில் விட்டேன். அதுக்குள்ள களி மேல ஆடை கட்டி, உருட்டினா வெடிக்குது. கீரை ஜில்லுனு கிடக்குது. அப்பா ஒண்ணும் சொல்லல, ஒரு கொட்டையை எடுத்து விரல்ல நசுக்கிப் பாத்துட்டு ஓரமா வச்சார். அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு அத்தையும் சேர்ந்து வர்றாங்க. மொத்தம் நாலு பேர். இதே மூணு அயிட்டம்தான் பண்ணுவேன், மாத்த மாட்டேன். இருக்கற சாமான்: மூணு லிட்டர் குக்கர், களிக்கு ஒரு அலுமினியக் குண்டான், அகலமான எவர்சில்வர் சட்டி, சின்ன இரும்பு வடசட்டி. எந்த வரிசைல வைக்கணும்?

மத்தூர் மைனர் (ஞாயிறு, இரவு 9:32)

ரெண்டு பர்னர் அடுப்பு ஒண்ணு வாங்கிப் போடு தம்பி. பிரச்சனை முடிஞ்சுது.

ஓசூர் ஒண்டிக்கட்டை (ஞாயிறு, இரவு 9:40)

அண்ணா, சமையல் மேடை ரெண்டடி அகலம்தான். அதுலயே தண்ணி கேனும் நிக்குது. கரண்ட் அடுப்பு வச்சா ஹவுஸ் ஓனர் மெயினையே இறக்கிடுவார். இருக்கற ஒண்ணுல எப்படின்னுதான் கேள்வி.

பாலக்கோடு செல்வி (ஞாயிறு, இரவு 10:15)

தம்பி, பதினோரு வருஷம் சின்னதா மெஸ் நடத்தினேன், ஆரம்பத்துல எனக்கும் ஒரே அடுப்புதான். நீங்க எது சீக்கிரம் முடியும், எது லேட்டாகும்னு பாத்து வரிசை போட்டிருக்கீங்க. அப்படிப் பாக்கக் கூடாது. அடுப்பை விட்டு இறக்கினப்புறம் எது எவ்வளவு நேரம் தாங்கும்னு பாக்கணும்.

உங்க மூணையும் எடுத்துக்குங்க. குழம்பு நிறைய இருக்கும், மேல எண்ணெய் மிதக்கும், மூடி வச்சா அரைமணி நேரம் சூடு நிக்கும். ஆறிட்டாலும் ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டா பழையபடி ஆயிடும், ருசி கூடத்தான் செய்யும். களி கெட்டியா ஒரே கட்டியா இருக்கறதால உள்சூடு நல்லா தாங்கும். குண்டானை மூடி வச்சா கால்மணி நேரம் கவலை இல்ல. ஆனா ஆறிப்போன களியைத் திரும்ப அடுப்புல வச்சு மீட்க முடியாது, அடி பிடிக்கும், மேல தோல் தோலா வரும். கீரை ரெண்டுமே தாங்காது. இலை இலையா பரந்து கிடக்குது, அஞ்சு நிமிஷத்துல ஆறிடும். மறுபடி சூடு பண்ணா கறுத்துப் போகும்.

அதனால குழம்பு முதல்ல, களி அடுத்து, கீரை கடைசி. சுலபமான வேலைங்கறதுக்காகத்தான் கீரையை முதல்ல பண்ணீங்க. அந்தச் சுலபமே அது கடைசியா வர்றதுக்குக் காரணம்.

கொட்டை விஷயம் தனி. புளி இருக்கற தண்ணில கொட்டை வேகாது. புளிப்பு சேர்ந்தா கொட்டையோட தோலும் சதையும் இறுகிப் போகும், எத்தனை விசில் விட்டாலும் கல்லாட்டம்தான் நிக்கும். தக்காளி நிறையப் போட்டாலும் கொஞ்சம் அப்படித்தான். வெறும் தண்ணில நல்லா வேக வச்சு, விரல்ல நசுங்குதான்னு பாத்த பிறகுதான் புளிக்குள்ள விடணும். உங்கப்பா பண்ண சோதனையை அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்க பண்ணியிருக்கணும்!

ஆவி பறக்கும் ஆனந்தன் (திங்கள், காலை 7:05)

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். எதுக்கு அதிக நேரம் ஆகுதோ அதை முதல்ல வை. குறைஞ்ச நேரம் ஆகறதைக் கடைசியா வை. எல்லாச் சமையலுக்கும் இது ஒண்ணுதான் கணக்கு. குக்கர் சீக்கிரம் திறக்கணும்னா குழாயடில காட்டு, ஒரே நிமிஷம்.

பாலக்கோடு செல்வி (திங்கள், காலை 8:20)

பாதி சரி. கீரைக்குக் குறைஞ்ச நேரம், அது கடைசி, அதுவரைக்கும் ஒத்து வருது. ஆனா நொய் வேக வச்சுக் களி கிண்டி இறக்க முப்பது நிமிஷத்துக்கு மேல ஆகும். கொட்டை வெந்துட்டா குழம்பு கூட்டி இறக்க இருபது நிமிஷம் போதும். உங்க கணக்குப்படி களியை முதல்ல வச்சா, குழம்பு கொதிக்கற நேரத்துல களிக்கு ஆடை கட்டும். தம்பிக்கு ஆனது அதுதானே.

குழாயடில குக்கரைக் காட்டறது அவசரத்துக்கு ஆகும். இங்க அது நஷ்டம். பூட்டின குக்கர் அடுப்பே இல்லாம சூடு பிடிச்சு வச்சிருக்கற பாத்திரம். இறக்கி வச்ச பிறகும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் உள்ள வெந்துகிட்டே இருக்கும். அந்த நேரம் அடுப்பு காலி. ஒத்தை அடுப்புக்காரங்களுக்கு அதுதான் லாபம், அதைப் போய்த் தண்ணி ஊத்தி அணைக்கலாமா?

ஆவி பறக்கும் ஆனந்தன் (திங்கள், காலை 8:31)

சரி, குக்கர் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா களியைக் கடைசியா வைக்கறதுதான் எங்க வீட்டு வழக்கம். கிண்டின கையோட உருட்டித் தட்டுல போடணும். கீரையெல்லாம் கொஞ்சம் ஆறினா யாருக்கும் தெரியாது.

பென்னாகரம் பெரியவர் (திங்கள், காலை 10:48)

தலைப்பைப் பார்த்ததும் எங்க அம்மா ஞாபகம் வந்துட்டுது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கொடியடுப்பு. மண்ணால் பூசியது. பெரிய வாயில் விறகு எரியும், பக்கத்திலேயே சின்ன வாய் ஒன்று. அதற்குத் தனியாக விறகு கிடையாது, பெரிய அடுப்பின் அனல் உள்ளே ஒரு துளை வழியாக அங்கே போகும். பெரிய வாயில் களிப்பானை, கொடியில் குழம்புச் சட்டி. களி கிண்டி முடியும் வரை குழம்பு லேசாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். அம்மா அந்தச் சட்டியை இறக்கியதே பந்தி உட்கார்ந்த பிறகுதான்.

பிறகு கேஸ் வந்தது, கொடியடுப்பை இடித்தோம். என் வீட்டுக்காரி ஆறு மாசம் புலம்பினாள், "ரெண்டு பர்னர் இருக்குது, ஆனா சும்மா சூடா வச்சிருக்க இடமில்லையே" என்று. தம்பியின் கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும்.

காவேரிப்பட்டணம் கமலம் (திங்கள், பகல் 1:20)

பெரியவரய்யா, அதுதான் பதில்! கொடியடுப்பு இல்லைன்னா என்ன, களிக்குண்டானே கொடி.

தம்பி, களில மாவு கொட்டினப்புறம் பத்து நிமிஷம் கிண்டாம சின்னத் தீயில விடுவோம் இல்ல? அந்த நேரம் தட்டு போட்டு மூடுவீங்க. தட்டுக்குப் பதிலா குழம்பு இருக்கற எவர்சில்வர் சட்டியை அப்படியே குண்டான் வாய் மேல உக்கார வைங்க. களியோட ஆவி சட்டி அடியில அடிச்சுகிட்டே இருக்கும். குழம்பு கொதிக்காது, ஆனா ஆறவும் ஆறாது. நான் ஊத்தங்கரைல வாடகைக்கு இருந்தப்ப இப்படித்தான் ஓட்டினேன்.

ரெண்டு விஷயம் பாக்கணும். சட்டி அடி குண்டான் வாயைவிட அகலமா இருக்கணும், இல்லைன்னா குழம்பு களிக்குள்ள சாய்ஞ்சு எல்லாம் ஒண்ணாயிடும் (எனக்கு ஆகியிருக்கு, அன்னைக்கு ராத்திரி புதுசா ஒரு பதார்த்தம் சாப்பிட்டோம்). அப்புறம் மண்சட்டி வேண்டாம். அடி தடிமனா இருக்கறதால ஆவிச்சூடு உள்ள போகவே பத்து நிமிஷம் முடிஞ்சிடும்.

பாலக்கோடு செல்வி (திங்கள், மாலை 4:05)

கமலம் சொல்றது நல்ல வேலை. நான் மூடி மட்டும்தான் போட்டிருக்கேன், இது தோணல. ஒரு சந்தேகம்: மேல பாரம் இருந்தா பொங்கறது தெரியாதே? மாவு கொட்டின முதல் ரெண்டு நிமிஷம் திறந்து வச்சு, பொங்கல் அடங்கினதும் சட்டியை வச்சா சரியா இருக்கும்னு நினைக்கறேன்.

மண்சட்டியைப் பத்தி இன்னொண்ணு. ஆவில சூடேத்தத்தான் அது சரிப்படாது. கொதிக்கக் கொதிக்க இறக்கி வச்சா, மூணு நாலு நிமிஷம் தரையிலயே தளதளன்னு கொதிச்சுகிட்டு இருக்கும், சூடும் ரொம்ப நேரம் நிக்கும். மண்சட்டில குழம்பு வைக்கறவங்க மேல ஏத்தவே வேண்டாம், மூடி போட்டு ஓரமா வச்சாப் போதும்.

தம்பி, நீங்க ஒரு மணிக்குச் சாப்பாடுன்னா நான் சொல்றபடி பண்ணுங்க. ஒண்ணுல இருந்து பின்னாடி எண்ணிட்டு வர்றேன்.

12:50க்கு கீரை அடுப்புல ஏறணும். எட்டு நிமிஷம் போதும். அப்ப களி 12:50க்கு இறங்கியிருக்கணும். களிக்கு முப்பது நிமிஷம் ஆகும்னு சொன்னேன் இல்லையா, அதுல பத்து நிமிஷம் நொய் வேகறதுக்கே போகுது. அந்தப் பத்தை அடுப்புல இருந்து கழட்டிடலாம். குக்கர்ல கொட்டை மேலயே ஒரு சின்னக் கிண்ணத்துல அரை டம்ளர் நொய்யும் ஒண்ணரை டம்ளர் தண்ணியும் வச்சுடுங்க. நாலு விசில்ல கொட்டையும் வேகும், நொய்யும் குழைஞ்சு கஞ்சியாயிடும். அப்ப களிக்கு இருபது நிமிஷம், 12:30க்கு ஏத்தினாப் போதும்.

குழம்பு 12:10ல இருந்து 12:30. குக்கர் 11:55க்கு ஏறி 12:10க்கு இறங்குது. இறங்கினதும் திறக்காதீங்க. சட்டில எண்ணெய் விட்டு, கடுகு வெந்தயம் தாளிச்சு, வெங்காயம் பூண்டு வதக்கி, கத்தரிக்காய் போட்டு, மொளகாத்தூள், புளிக்கரைசல் விட்டுக் கொதிக்கறதுக்குள்ள பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். குக்கரும் தானா அடங்கியிருக்கும். அப்ப வெந்த கொட்டையை அந்தத் தண்ணியோட சேர்த்து, அஞ்சாறு நிமிஷம் கொதிக்க விட்டு இறக்குங்க.

குக்கர் மூணு லிட்டர்ங்கறதால கொட்டை ஒரு டம்ளருக்கு மேல வேண்டாம். கொட்டை நுரை கட்டி விசில் ஓட்டையை அடைக்கும். பாதிக்கு மேல நிரப்பாம, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுட்டா நுரை அடங்கும்.

தேன்கனிக்கோட்டை டெக்கி (திங்கள், மாலை 6:37)

நான் இண்டக்ஷன் அடுப்புக்காரன், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இதுலயும் இதே கணக்கு வருமா? போன தடவை களி கிண்டறப்ப குண்டான் சுத்திக்கிட்டே போச்சு. பயந்து கீழ இறக்கிக் கிண்டினேன், அடுப்பு பீப் பீப்னு கத்தி ஆஃப் ஆயிடுச்சு. அப்புறம் திரும்ப வச்சா அது எண்ணூறு வாட்ல ஆரம்பிக்குது.

காவேரிப்பட்டணம் கமலம் (திங்கள், இரவு 7:15)

கீழ இறக்கிக் கிண்டறதுதான் சரி. எந்த அடுப்பா இருந்தாலும் நான் தரையில வச்சு, ரெண்டு பாதத்தாலயும் துணி சுத்திக் குண்டானைப் பிடிச்சுக்கிட்டுத்தான் துடுப்பு போடுவேன். கண்ணாடி மேல வச்சுக் கிண்டினா ஒருநாள் உடையும். இறக்கின நேரத்துல அடுப்பு சும்மா இருக்குது பாருங்க, அதுல குழம்பை வச்சுச் சூடு பண்ணிக்கலாம்.

பாலக்கோடு செல்வி (திங்கள், இரவு 7:50)

கிண்டினப்புறம் திரும்ப ரெண்டு நிமிஷம் தீயில வைக்க வேண்டாமா கமலம்? எங்க வீட்ல அது இல்லாம இறக்க மாட்டோம். மாவு வாசனை போகாது.

காவேரிப்பட்டணம் கமலம் (திங்கள், இரவு 8:02)

மாவு கொட்டினப்பவே பத்து நிமிஷம் ஒழுங்கா வெந்திருந்தா வேண்டாம். எங்க மாமியார் ஒருநாளும் திரும்ப ஏத்தினதில்ல.

பாலக்கோடு செல்வி (திங்கள், இரவு 8:10)

உங்க மாமியார் கை வேற. தம்பி ரெண்டு நிமிஷம் வச்சுடுங்க.

ஓசூர் ஒண்டிக்கட்டை (திங்கள், இரவு 10:30)

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. ஒண்ணு, அவங்க பஸ் லேட்டானா? போன தடவையே கிருஷ்ணகிரி தாண்டி டிராஃபிக்ல அரைமணி நேரம் நின்னுச்சு. இந்த வரிசைல எந்த இடத்துல நிறுத்தி வைக்கலாம்? ரெண்டாவது, களி வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? எனக்கு ஒவ்வொரு தடவையும் நடுவுல மாவு உருண்டை மாட்டுது.

பாலக்கோடு செல்வி (செவ்வாய், காலை 6:40)

நல்ல கேள்வி, முதல்லயே சொல்லியிருக்கணும்.

நிறுத்தற இடம் மாவு கொட்டறதுக்கு முன்னாடி. குழம்பு முடிஞ்சு மூடி இருக்குது. நொய்க்கஞ்சியும் தண்ணியும் குண்டான்ல கொதி வந்துடுச்சு. கீரை உருவி அலசி வடிகட்டி, வெங்காயம் நறுக்கி, வறுத்த நிலக்கடலை பொடிச்சு எல்லாம் ரெடி. அங்க அடுப்பை அணைச்சு மூடி வச்சுட்டு உக்காந்துக்குங்க. முக்கால் மணி நேரம்கூட நிக்கலாம், ஒண்ணும் கெடாது. கஞ்சி இறுகியிருந்தா கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கலாம். அவங்க பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி போன் பண்றப்ப திரும்பப் பத்த வைங்க. அங்கிருந்து இருபத்தஞ்சு நிமிஷம். ஆட்டோல வந்து, கை கால் கழுவி, ரூமைக் குறை சொல்லி முடிக்கறதுக்குச் சரியா இருக்கும். மாவு கொட்டிட்டீங்கன்னா அப்புறம் நிறுத்த முடியாது, அதை மட்டும் ஞாபகம் வைங்க.

களிக்கு அளவு: ரெண்டு டம்ளர் மாவுக்கு அந்த நொய்க்கஞ்சி போக மூணரை டம்ளர் தண்ணி. ஒரு டம்ளர் வெந்நீர் பக்கத்துல இருக்கட்டும், மாவுக்கு மாவு குடிக்கற தண்ணி மாறும். உப்பு போட்டுத் தளதளன்னு கொதிக்கறப்ப மாவை நடுவுல குவிச்சுக் கொட்டுங்க. பரப்பாதீங்க, கிண்டாதீங்க. துடுப்புக் காம்பால குவியல் நடுவுல அடி வரைக்கும் ஒரு ஓட்டை போடுங்க. அந்த ஓட்டை வழியா தண்ணி பொங்கி மேல வந்து மாவை நனைக்கும். உங்களுக்கு உருண்டை மாட்டறது இங்கதான்னு நினைக்கறேன், கொட்டினதும் கிண்டியிருப்பீங்க. பத்து நிமிஷம் சின்னத் தீ, அப்புறம்தான் துடுப்பு. கைய தண்ணில நனைச்சுக் களியைத் தொடுங்க. ஒட்டலைன்னா வெந்துடுச்சு. பிசுபிசுன்னு விரல்ல வந்தா இன்னும் வேகணும்.

பென்னாகரம் பெரியவர் (செவ்வாய், காலை 9:12)

ஒன்று விட்டுவிட்டீர்கள். ஓசூர் உயரமான ஊர், சுமார் 900 மீட்டர். ஆடிக் காற்று வேறு. எவர்சில்வர் தட்டு ஐஸ் மாதிரி இருக்கும். சூடான களியை அதில் வைத்தால் அடிப்பக்கம் உடனே ஆறிவிடும். களி உருட்ட வெந்நீர் வைப்பீர்கள் அல்லவா, அதைத் தட்டுகளில் ஊற்றி வைத்துவிட்டுப் பிறகு துடைத்துப் பரிமாறுங்கள்.

தேன்கனிக்கோட்டை டெக்கி (செவ்வாய், காலை 9:30)

உயரம் அதிகம்னா தண்ணி கொதிக்கற சூடும் குறையும்ல? எங்க ஊர்ல எல்லாம் வேக லேட்டாகறதுக்கு அதுதான் காரணமா?

காவேரிப்பட்டணம் கமலம் (செவ்வாய், காலை 11:05)

மூணு டிகிரிதான் குறையும் தம்பி. நூறுக்குப் பதில் தொண்ணூத்தேழுல கொதிக்கும். களிக்கும் கீரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. குக்கர் இல்லாம கொட்டை வேக வச்சாத்தான் கூட நேரம் கேக்கும். உங்களுக்கு லேட்டாகறது அந்த எண்ணூறு வாட்டாலதான்.

ஆவி பறக்கும் ஆனந்தன் (செவ்வாய், பகல் 12:40)

இவ்வளவு சொல்றீங்க, பச்சை அவரைக்கொட்டைக்கு ரெண்டு விசில் போதும்னு யாரும் சொல்லல. அவன் காஞ்ச கொட்டைன்னு வச்சுத்தான் நாலு விசில்.

பாலக்கோடு செல்வி (செவ்வாய், பகல் 1:15)

ஆமா, அது சரி. ஆனா மார்கழி தை வரட்டும், அப்பதான் பச்சைக் கொட்டை. இப்ப காஞ்சதுதான் கிடைக்கும். ரெண்டு விசில்னா நொய்யும் அரைவேக்காட்டுல நிக்கும், அப்ப கிண்ணம் வைக்கற வேலை ஆகாது, நொய்யைக் குண்டான்லதான் வேக வைக்கணும்.

ஓசூர் ஒண்டிக்கட்டை (ரெண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:20)

பண்ணியாச்சு. நடந்ததை அப்படியே சொல்றேன்.

குக்கர் 11:50க்கே ஏத்திட்டேன். இறக்கினப்ப கை அரிச்சுது, திறந்து பாக்கலாம்னு. பாக்கல. குழம்பு கூட்டி, கத்தரிக்காய் பாதி வெந்தப்ப குக்கர் தானா அடங்கியிருந்தது. கொட்டையை எடுத்து நசுக்கினேன், வெண்ணெய் மாதிரி. புளிக்குள்ள விட்டு ஆறு நிமிஷம். நொய்யும் நல்லாக் குழைஞ்சிருந்தது, ஆனா கிண்ணத்துல கொட்டையோட சிவப்புத் தண்ணி கொஞ்சம் ஏறிடுச்சு. களில போடறதுதானேன்னு விட்டுட்டேன்.

பஸ் லேட்டுதான். மாவுக்கு முன்னாடி நிறுத்திட்டு முப்பத்தஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன். போன் வந்ததும் பத்த வச்சேன், மூணு நிமிஷத்துல கொதி வந்துச்சு. மாவு கொட்டி ஓட்டை போட்டேன். ரெண்டு நிமிஷம் திறந்து வச்சுட்டு குழம்புச் சட்டியை மேல ஏத்தினேன். அதுல ஒரு தப்பு. சட்டி அடில கரி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, ஆவி பட்டு அது களி மேல சொட்டிடுச்சு. அந்த இடத்தை மட்டும் வழிச்சுப் போட்டேன். ஏத்தறதுக்கு முன்னாடி அடியைத் துடைக்கணும். குழம்பு எவ்வளவு சூடாச்சுன்னா, கொதிக்கல, ஆனா துணி இல்லாம சட்டியைத் தொட முடியல. அவ்வளவு நேரம் ஆறிக்கிடந்த குழம்புக்கு அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

தரையில வச்சுக் கிண்டினேன். ஒரே ஒரு உருண்டை மாட்டிச்சு, அது எனக்கே வந்துச்சு. ரெண்டு நிமிஷம் திரும்ப ஏத்தி இறக்கி, ஈரத்துணி போட்டு மூடினேன். கீரை அடுப்புல இருக்கறப்பதான் அவங்க உள்ள வந்தாங்க. கீரை இறங்கறதுக்கும் நான் களி உருட்டறதுக்கும் சரியா இருந்துச்சு. தட்டுல வெந்நீர் ஊத்தி வச்சிருந்ததைப் பாத்து அத்தை, "இது என்னடா, டாக்டர் வீட்டுல மாதிரி"ன்னாங்க.

அப்பா மறுபடி ஒரு கொட்டையை எடுத்து நசுக்கினார். அப்புறம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

பாலக்கோடு செல்வி (ஞாயிறு, மாலை 6:02)

போதும் தம்பி, அந்தக் கரண்டி போதும். நொய்க் கிண்ணத்துக்கு ஒரு மூடி போட்டிருந்தா கொட்டைத் தண்ணி ஏறியிருக்காது.

காவேரிப்பட்டணம் கமலம் (ஞாயிறு, மாலை 6:30)

ரெண்டு நிமிஷம் திரும்ப ஏத்தினீங்களா? அடி பிடிச்சுதா, உண்மையைச் சொல்லுங்க.

ஓசூர் ஒண்டிக்கட்டை (ஞாயிறு, மாலை 6:41)

கொஞ்சம் பிடிச்சுது அக்கா. ஆனா அந்தக் காந்தலை அம்மா சுரண்டித் தின்னுட்டாங்க.

ஆவி பறக்கும் ஆனந்தன் (ஞாயிறு, இரவு 8:15)

நான் இன்னைக்கு முதல் தடவையா கீரையைக் கடைசியா வச்சுப் பாத்தேன். களி ஆடை கட்டல. ஆனா உருட்டறப்ப பழைய அளவு கையச் சுடல, அது எனக்குக் குறையாத்தான் இருக்கு. மூணு பேர் வீட்டுக்குக் களி கம்மியா கிண்டறதால சீக்கிரம் ஆறுதோ? அதிகமா கிண்டறவங்க யாராவது சொல்லுங்க.